முன் பிரேக்கை மறுபடி தொட்ட கதை

நான் விழுந்த இடம் சுவா சூ காங்கில், வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தூரத்தில். நவம்பர் மாதம், காலை ஆறே முக்கால், தூறல். பெரிய சாலையிலிருந்து இடப்பக்கம் பிரியும் சிறு வளைவு அது. சிங்கப்பூரில் பல சந்திப்புகளில் இப்படி ஒன்று இருக்கும், அதன் நடுவில் ஒரு ஜீப்ரா கிராசிங்கும் இருக்கும். எனக்கு முன்னால் போன கார், கடக்க வந்த ஒரு பாட்டிக்காக நின்றது. நான் இடப்பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வேகம் முப்பதுகூட இருக்காது. வலது கை முன் பிரேக்கைப் படக்கென்று பிடித்தது. அடுத்த நொடி என் இடது தோள் தரையில் இருந்தது. பைக் எனக்கு முன்னால் வழுக்கிப் போய் காரின் பின் பம்பரைத் தொட ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

இடது காறை எலும்பு முறிந்தது. முழங்காலில் தோல் போனது. மூன்று மாதம் கழித்துத்தான் மருத்துவர் பைக் ஓட்டலாம் என்றார். தரையில் உரசிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன். வெளியே சின்னக் கீறல்தான் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் கெட்டியான நுரை அடுக்கு ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது.

எலும்பு கூடியதைவிட மனம் கூடுவதற்கு அதிக நாள் பிடித்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். விழுந்தவர்களிடம் எல்லாரும் சொல்வது ஒன்றே: "ஓட்டிக்கிட்டே இரு, தானா சரியாப் போயிடும்." நானும் அதை நம்பி ஐந்து வாரம் ஓட்டினேன். கிராஞ்சி விரைவுச்சாலை, அங்கிருந்து தீவு விரைவுச்சாலை, கடைசியில் துவாஸ் என்று தினமும் வேலைக்குப் போய்வந்தேன். தானாக எதுவும் சரியாகவில்லை. பயம் இன்னும் கெட்டியானது. எப்படிக் கெட்டியானது என்பதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. சுங்கை காடுட்டில் எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன்தான் கண்டுபிடித்தார்.

என்னுடையது 150 சிசி பைக். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. விபத்துக்குப் பிறகு அவர் வளைந்த கிளட்ச் லீவரை மாற்றி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருந்ததை நேராக்கி, கையோடு பின் பிரேக்குக்குப் புது ஷூவும் போட்டுக் கொடுத்திருந்தார். ஐந்து வாரம் கழித்துச் செயினுக்கு எண்ணெய் விடப் போனபோது பின் சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"தம்பி, இந்த நட்டை நீயா இறுக்கினே?"

"ஆமாண்ணே. பின் பிரேக் கொஞ்சம் லூசா இருந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு மூணு தடவை இறுக்கினேன்."

"புது ஷூ போட்டு இன்னும் ரெண்டு மாசம் ஆகலை. அதுக்குள்ள இவ்வளவு தேய்ஞ்சிருக்கு. முன் பேடைப் பாரு, போட்டது போட்டபடி கிடக்கு. நீ முன் பிரேக்கைப் பிடிக்கிறியா இல்லையா?"

பிடிக்கிறேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது என் வலது கையையே கவனித்தேன். நான்கு விரல்களும் ஆக்சிலரேட்டரை இறுகப் பற்றியிருந்தன. லீவர் பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை. சிவப்பு விளக்கு வந்தால் வலது கால் தானாக அழுத்துகிறது, இடது கை கிளட்சைப் பிடிக்கிறது, வலது கை மட்டும் கல்லாக இருக்கிறது. ஐந்து வாரமும் நான் பழகிக்கொண்டிருந்தது பைக் ஓட்டுவதை அல்ல, முன் பிரேக் இல்லாமல் பைக் ஓட்டுவதை. ஒவ்வொரு முறையும் லீவரைத் தொடாமல் பத்திரமாக நின்றபோது, 'தொடாததால்தான் பிழைத்தாய்' என்று உள்ளுக்குள் ஒன்று கணக்கு எழுதிக்கொண்டது.

அது எவ்வளவு தவறான கணக்கு என்பதைப் புரிந்துகொள்ளப் பேருந்தில் நின்றுகொண்டு போனதை நினைத்துப் பார்த்தால் போதும். டிரைவர் பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லாரும் முன்னால் சாய்கிறார்கள். பைக்கும் அப்படித்தான். வேகம் குறையும்போது பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. முன் டயர் தரையில் அழுந்துகிறது, அதனால் அதற்குப் பிடிப்பு கூடுகிறது. பின் டயர் லேசாகிறது, அதனால் சீக்கிரமே பூட்டிக்கொண்டு இழுபடுகிறது. காய்ந்த சாலையில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை விட்டுவிட்டு நான் தினமும் விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்வந்திருக்கிறேன்.

மெக்கானிக் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். பயத்தை ஆராயுமுன் வண்டியைப் பார்த்துவிட வேண்டும், சில சமயம் பயம் சொல்வது சரியாகவே இருக்கும் என்று. ஃபோர்க் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தால், ஹேண்டில் நேராக இருக்கும்போது முன் சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும். அதோடு ஓட்டினால் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று தெரியாது. என் வண்டியில் ஃபோர்க்கை அவர் முன்பே சரிசெய்துவிட்டார். ஆனால் முன் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணை அன்று எனக்குக் காட்டினார். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அந்த டயர் செய்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. பள்ளம் இன்னும் மிச்சம் இருந்ததால் நல்ல டயர் என்றே நினைத்திருந்தேன். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், மரம் போல இருந்தது. முதுமையில் ரப்பர் இறுகிவிடும், ஈரத்தில் ஒட்டாது. அன்றே மாற்றினேன்.

பிறகு விழுந்த இடத்துக்கு நடந்து போனேன். பைக்கில் போவதற்கு முன் அங்கே கால் வைக்க வேண்டும் என்று தோன்றியது. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை அது. வாகனம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடப்பதுபோல் போய், செருப்பின் அடியை முதலில் தார் மேல் தேய்த்தேன், சொரசொரவென்று பிடித்தது. ஜீப்ராவின் வெள்ளைப் பட்டை மேல் தேய்த்தேன், சோப்புப் போட்ட குளியலறைத் தரை போல வழுக்கியது. வெறும் பெயின்ட் என்று நான் நினைத்திருந்தது, சாலை மேல் ஒரு மெழுகுப் பூச்சுப்போல் கனமாகப் படிந்திருந்தது. பட்டையை அடுத்து ஓர் இரும்பு மூடி வேறு. இத்தனை ஆண்டு அந்த வழியாகப் போயும் அந்த மூடியை நான் பார்த்ததே இல்லை.

அங்கே நின்றுதான் என் விழுகை எனக்குப் புரிந்தது. டயரின் பிடிப்பைக் கையில் இருக்கும் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தாரில் பத்து வெள்ளி இருக்கிறது. ஈரத் தாரில் நல்ல டயருக்கு ஏழு வெள்ளி. ஈரமான வெள்ளைப் பட்டை மேல் மூன்று வெள்ளிதான். (அளந்த எண்கள் அல்ல இவை, விகிதம் புரிவதற்காகச் சொல்கிறேன்.) திரும்புவதற்கும் பிரேக் போடுவதற்கும் அதே காசிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். நான் இரண்டு வெள்ளியைத் திரும்புவதற்குச் செலவழித்துக்கொண்டே பட்டை மேல் ஏறினேன். மீதி ஒரு வெள்ளி. அந்த நேரத்தில் ஐந்து வெள்ளிக்குப் பிரேக் பிடித்தேன். அதையும் படக்கென்று பிடித்தேன், பாரம் முன்னால் வந்து டயரை அழுத்துவதற்கு நேரமே கொடுக்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டது, ஹேண்டில் மடிந்தது, விழுந்தேன்.

ஆக, என்னைத் தள்ளிவிட்டது முன் பிரேக் அல்ல. சாய்ந்திருக்கும்போது, பட்டை மேல், படக்கென்று பிடித்த முன் பிரேக். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் தப்பியிருக்க வாய்ப்புண்டு. அதுவரை பயம் எனக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: பிரேக். இப்போது அது மூன்று தனித்தனிப் பிரச்சினையாக உடைந்தது, ஒவ்வொன்றையும் தனியாகப் பழகலாம்.

முதல் வாரப் பயிற்சியில் இன்ஜினையே போடவில்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் பிளாக்கின் பல மாடி கார் நிறுத்துமிடத்து மேல்தளத்தில் ஒரு கார்கூட இருக்காது. பைக்கை மேலே கொண்டுபோய், இறங்கி, பக்கத்தில் நடந்தபடி தள்ளினேன். தள்ளிக்கொண்டே முன் லீவரை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினேன். ஃபோர்க் அமுங்குவது கைக்குத் தெரிந்தது. விட்டால் எழும்புகிறது, அழுத்தினால் அமுங்குகிறது. இருபது முறை, முப்பது முறை செய்தேன். சின்னப் பிள்ளை விளையாட்டு போலத்தான் தெரியும். ஆனால் ஐந்து வாரமாகக் கல்லாக இருந்த விரல்கள் லீவரைத் தொட்டதும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். அடுத்த ஞாயிறு இன்ஜினைப் போட்டு, முதல் கியரில், நடை வேகத்தில், ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டும் அதையே செய்தேன்.

எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை நின்றதும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவேன். மூன்றுக்குக் கீழே வந்து, அடுத்தடுத்து பத்து முறை கீழேயே நின்றால்தான் வேகத்தைக் கூட்டுவேன். ஆறுக்கு மேல் போனால் ஒரு படி இறங்குவேன். முன்கை மரத்துப்போனால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்விடுவேன். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்த கையால் மெல்ல அழுத்தவே முடியாது, அந்தக் கை படக்கென்று பிடிக்க மட்டும்தான் தெரிந்த கை. அந்த நிலையில் தொடர்ந்து பழகினால் தவறைத்தான் பழகுவோம்.

வேகமாக வந்து நிற்பதை மட்டும் பொதுச் சாலையில் பழக முடியாது, பின்னால் வருபவர் நம் மேல் ஏறிவிடுவார். அதற்காக, ஏற்கனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கான வகுப்பு ஒன்றில் இரண்டு பாடம் எடுத்தேன். பயிற்றுநர் ஐம்பது வயது மலாய்க்காரர். நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரே கேள்வி கேட்டார்: "எலுமிச்சை பிழிவாய் அல்லவா, எப்படிப் பிழிவாய்?" கையால் காட்டினேன். முதலில் தோல் லேசாக இடம் கொடுக்கும், கை அதைப் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் அழுத்தம் கூடும். "லீவரும் அதேதான்" என்றார்.

அதை அவர் இரண்டு கட்டமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் கட்டத்தில் லீவரின் தளர்ச்சியை மட்டும் எடுத்து, பேட் டிஸ்கைத் தொடும்வரை கொண்டுபோக வேண்டும். ஃபோர்க் அமுங்குவது தெரியும்வரை அங்கே ஒரு கண்ணிமைப்பு காத்திருக்க வேண்டும். அமுங்கிவிட்டது என்றால் பாரம் முன்னால் வந்துவிட்டது, டயர் தரையைக் கவ்விவிட்டது. அதற்கு மேல் படிப்படியாக அழுத்தினால், படக்கென்று பிடிப்பதைவிட அதிக அழுத்தத்தை அது தாங்கும். சக்கரம் பூட்டிக்கொண்டால் கிறீச்சென்ற சத்தமும் ஹேண்டிலில் ஒரு வழுவழுப்பும் வரும். வந்தால் உடனே விட்டுவிட்டு மறுபடி பிழிய வேண்டும். பார்வை தொலைவில் இருக்க வேண்டும். நான் முன் சக்கரத்துக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் பார்ப்பார்கள் என்று சொல்லி, நூறு மீட்டர் தள்ளிப் போய் நின்று, தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கூம்பருகே பிரேக்கைத் தொடங்கி, நின்ற இடத்தில் இன்னொரு கூம்பை வைத்து அளந்தோம். முதலில் என் பழக்கப்படி பின் பிரேக் மட்டும். சுமார் 10 மீட்டர், அதுவும் பின் சக்கரம் இழுபட்டு வால் ஆடியது. அடுத்து இரண்டு பிரேக்கும், பிழிந்து. முதல் முயற்சி 8 மீட்டர். ஏழாவது முயற்சியில் 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு கூம்புக்கும் நடுவே நின்று பார்த்தேன், ஒரு சின்னக் காரின் நீளம் அளவுக்கு இடைவெளி. தினமும் காலையில் அந்த நீளத்தைக் கடன் வாங்கித்தான் ஓட்டியிருக்கிறேன். எத்தனை பேர் எத்தனை சமாதானம் சொல்லியும் நகராத ஏதோ ஒன்று அந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்குள் நகர்ந்தது. விழுந்துவிட்டு முன் பிரேக்கை ஒதுக்கியிருக்கும் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டு கூம்பையும் அளந்து பார்க்கச் சொல்வேன்.

அதன் பிறகு வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எனக்குப் பாடமானது. கண்ணாடியில் பின்னால் பார்ப்பேன். நேராக இருக்கிறேனா என்று பார்ப்பேன். தொடு, காத்திரு, பிழி என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அப்படியே மூன்று வாரம் போனது. ஒருநாள் சொல்லாமலே கை செய்ததைக் கவனித்தேன்.

ஈரம் தனிப் படி. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து மேலே வரும், அப்போது பழக வேண்டாம் என்று முடிவு செய்தேன். நன்றாகக் கழுவிய சாலையில், பகலில், துவாஸில் ஞாயிற்றுக்கிழமை வெறிச்சென்று கிடக்கும் தொழிற்பேட்டைச் சாலைகளில், நிறுத்தக் கோடுகளில் மட்டும் பழகினேன். பிழிவது அதேதான். தொடக்கம் சீக்கிரம், அழுத்தம் மென்மை, அவ்வளவுதான் வித்தியாசம். பட்டைக்கும் இரும்பு மூடிக்கும் முன்பாகவே வேகத்தைக் குறைத்துவிட்டு, அவற்றைக் கடக்கும்போது பிரேக்கை விட்டுவிடுவேன். ஈரத் தார் நான் பயந்த அளவுக்கு வழுக்கவில்லை. மாற்றிய டயருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கடைசியாக வளைவு. இங்கே பழகியது பிரேக்கை அல்ல, வரிசையை. நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடிப்பது, பிரேக்கை விடுவது, அதற்குப் பிறகு திரும்புவது. அதாவது திரும்பும் இடத்துக்கு வரும்போது காசு முழுவதும் கையில் இருக்க வேண்டும். நடுவில் நிற்க நேர்ந்தால் முதலில் வண்டியை நிமிர்த்து, பிறகு பிழி. இருபது வேகத்தில் காய்ந்த வளைவுகளில் இதைச் செய்து செய்து பார்த்தேன். நிமிர்த்தினால் வண்டி வளைவை விட்டு விலகி வெளியே போகும், அதற்கு இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் வேகம் குறைவாக இருக்க வேண்டும். நான் விழுந்த வளைவில் அன்றைய வேகத்துக்கு அந்த இடம் இருந்திருக்காது.

ஜூன் கடைசியில் ஒரு காலை, தூறல், அதே வளைவு. கண்ணாடியில் பின்னால் பார்த்து, நேராக இருக்கும்போதே பிழிந்து, பதினைந்துக்கு இறக்கி விட்டேன். முன்னால் ஒரு வேன் ஜீப்ராவில் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர் கடந்தார்கள். வேனுக்கு மூன்று மீட்டர் பின்னால், பட்டைக்கு இந்தப் பக்கம், தார் மேல் நின்றேன். காலைத் தரையில் ஊன்றிய பிறகுதான் இதயம் அடித்துக்கொள்வது கேட்டது. மதிப்பெண் ஐந்து போட்டேன். அடுத்த நாள் நான்கு.

இரவு மழையில் ஓட்டுவது மட்டும் இன்னும் கைவரவில்லை. ஹெல்மெட் கண்ணாடியில் எதிர் விளக்குகள் உடைந்து சிதறும்போது, தார் எது, பட்டை எது, மூடி எது என்று எனக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் பயப்படுவது சரி என்றே இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பெருமழை பிடித்தால், விரைவுச்சாலையில் மோட்டார்சைக்கிள்களுக்காகப் பாலத்தின் கீழ் விட்டிருக்கும் இடத்தில் ஒதுங்கிவிடுவேன். அங்கே எப்போதும் நாலைந்து பேர் மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருப்பார்கள். வீட்டுக்கு போன் போட்டு, "பாலத்துக்குக் கீழே நிக்கிறேன், அரை மணி நேரம் ஆகும், சாப்பாட்டை மூடி வை" என்று சொல்லிவிடுவேன்.